டயர், பேட்டரி: வாரண்டியையும் ஆயுளையும் ஆயிரம் கிலோமீட்டர் செலவாக மாற்றி ஒப்பிடும் முறை

டயர் ஓடும் தூரத்தால் தேய்கிறது. பேட்டரி கடக்கும் காலத்தால் தேய்கிறது. கடையில் இரண்டுக்கும் "இத்தனை ஆண்டு வாரண்டி" என்று ஒரே மொழியில் பேசப்படுவதால் இந்த அடிப்படை வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஐந்தாண்டு வாரண்டி உள்ள டயர் ஐந்தாண்டு ஓடும் என்றும், அறுபது மாத வாரண்டி உள்ள பேட்டரி அறுபது மாதம் உழைக்கும் என்றும் பலர் நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். வாரண்டி, ஆயுள், விலை ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்து, உங்கள் வண்டி ஓடும் அளவைக் கொண்டு "ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்" என்ற ஒரே எண்ணாக மாற்றினால்தான் ஒப்பீடு சரியாக அமையும். அதை எப்படிச் செய்வது என்பதை, 14 அங்குல சக்கரம் கொண்ட ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையில் எழுதி வாங்கும் விலையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: மாதத்திற்கு எத்தனை கிலோமீட்டர்?

இந்த எண் இல்லாமல் எந்த ஒப்பீடும் தொடங்காது. கடைசி இரண்டு சர்வீஸ் பில்களை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் தேதியும் ஓடோமீட்டர் அளவும் அச்சாகியிருக்கும். இடைப்பட்ட தூரத்தை இடைப்பட்ட மாதங்களால் வகுத்தால் உங்கள் மாத ஓட்டம் கிடைத்துவிடும். மனத்தில் தோன்றும் மதிப்பீட்டை நம்ப வேண்டாம். நீண்ட பயணங்கள் நினைவில் நிற்பதால் பெரும்பாலோர் உண்மையைவிட அதிகமாகவே சொல்வார்கள்.

இந்தக் கட்டுரைக்கு இரண்டு வண்டிகளை வைத்துக்கொள்வோம். ஒன்று, மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் கார். மற்றொன்று, அதே மாடலில் மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் மஞ்சள் பலகை வாடகைக் கார். ஒரே டயரும் ஒரே பேட்டரியும் இந்த இரு வண்டிகளிலும் முற்றிலும் வேறான விடைகளைத் தருவதைப் பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் படி: கையை விட்டுப் போகும் முழுத் தொகை

டயருக்கு அச்சிட்ட விலையும் அல்ல, கடைக்காரர் முதலில் சொல்லும் விலையும் அல்ல, பில்லின் அடியில் வரும் மொத்தத் தொகைதான் கணக்கில் சேர வேண்டும். நான்கு டயரின் விலையோடு புதிய வால்வு, மாட்டும் கூலி, பேலன்சிங், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மலிவான டயர் சீக்கிரம் தேய்ந்தால் இந்தச் செலவும் அடிக்கடி வரும் என்பதால் இதைச் சேர்ப்பது முக்கியம்.

பேட்டரிக்கு, பழையதைக் கொடுத்து வாங்கும் விலையையும் கொடுக்காமல் வாங்கும் விலையையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியில் உள்ள ஈயத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. அதன் எடையைப் பொறுத்துக் கிடைக்கும் கழிவு, வாரண்டிக் கணக்கில் பின்னால் மீண்டும் வரும். கூடவே, அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் பின்னால் வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: டயரின் ஆயுளை அளந்து அறிதல்

"இந்த டயர் எவ்வளவு ஓடும்?" என்று கேட்டால் கடையில் ஒரு வட்டமான எண்ணைச் சொல்வார்கள். அதைவிட நம்பத்தக்க விடை உங்கள் வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் டயரிலேயே இருக்கிறது. ஏனென்றால் தேய்மானத்தைத் தீர்மானிப்பதில் டயருக்கு உள்ள பங்கைப் போலவே உங்கள் சாலைக்கும், ஓட்டும் முறைக்கும், ஏற்றும் பாரத்துக்கும் பங்கு உண்டு.

பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் சிறு கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கார் டயரின் முதன்மைப் பள்ளங்களின் அடியில், குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர், ஓட்டுப் பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆகவே பயன்படுத்தத்தக்க ஆழம் என்பது புதிய டயரின் ஆழத்திலிருந்து 1.6 கழித்த அளவே ஆகும்.

நமது எடுத்துக்காட்டில் 'அ' என்ற டயர் புதிதாக இருந்தபோது 7.6 மில்லிமீட்டர் ஆழம் கொண்டிருந்தது என்க. 12,000 கிலோமீட்டர் ஓடிய பின் 5.8 இருக்கிறது. அதாவது 1.8 மில்லிமீட்டர் தேய 12,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 6,670 கிலோமீட்டர். பயன்படுத்தத்தக்க ஆழம் 6 மில்லிமீட்டர் என்பதால், இதே வேகத்தில் தேய்ந்தால் மொத்த ஆயுள் 40,000 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கைப் போடும்போது டயரின் உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் அளந்து, மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். இரு ஓரங்களும் அதிகம் தேய்ந்திருந்தால் காற்று தொடர்ந்து குறைவாக இருந்திருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பிசகியிருக்கிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும், அந்த டயரின் குறைந்த ஆயுளுக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தைக் குறைகூற முடியாது; விலை உயர்ந்த டயரை மாட்டினாலும் அது அதே போலத்தான் தேயும். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் முன் டயர்கள் பின் டயர்களைவிட விரைவாகத் தேயும் என்பதால், முறையாக இடம் மாற்றிப் போட்டுவந்த டயர்களின் அளவுகளே நான்குக்கும் பொதுவான ஆயுளைக் காட்டும்.

1.6 மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். பள்ளம் ஆழம் குறையக் குறைய நீரை வெளித்தள்ளும் திறன் வேகமாகக் குறைகிறது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடுகிறது. 2.5 மில்லிமீட்டரிலேயே மாற்றுவதாக முடிவு செய்தால் மேற்சொன்ன டயரின் ஆயுள் 34,000 கிலோமீட்டராகக் கொள்ள வேண்டும். எந்த எல்லையை எடுத்தாலும் ஒப்பிடும் எல்லா டயர்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

இனி வயது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெட்டிப்படுகிறது; வெயிலிலும் வெப்பத்திலும் பக்கச்சுவரில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. பள்ளம் நிறைய மீதமிருக்கும்போதே டயர் தன் பிடிமானத்தை இழக்க முடியும். நமது வெயிலில், திறந்த வெளியில் நிற்கும் காருக்கு ஆறு ஆண்டுகளை எல்லையாகக் கொள்வது தகும் என்பது என் கருத்து. ஐந்தாம் ஆண்டிலிருந்தே ஆண்டுதோறும் டயரைக் கழற்றிப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். ஆகவே டயரின் ஆயுள் என்பது தேய்மானத் தூரம், ஆறு ஆண்டில் உங்கள் வண்டி ஓடும் தூரம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான்.

நான்காம் படி: இரண்டு டயர்களை ஒப்பிடுதல்

இதுவரை 'அ' டயரைப் பற்றி உண்மையான அளவு கையில் இருக்கிறது. புதிதாகப் பரிசீலிக்கும் 'ஆ' டயரைப் பற்றி விளம்பரம் மட்டுமே இருக்கிறது. எனவே அது எவ்வளவு ஓடும் என்று ஊகிப்பதை விட்டு, எவ்வளவு ஓடினால் அதன் கூடுதல் விலை ஈடாகும் என்று கேட்பதே நேர்மையான வழி.

'அ' டயர் ஒன்று 4,200 ரூபாய். நான்கு 16,800 ரூபாய். மாட்டும் செலவு அனைத்தும் 1,600 ரூபாய். மொத்தம் 18,400 ரூபாய். 40,000 கிலோமீட்டருக்கு வகுத்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 460 ரூபாய். 'ஆ' டயர் ஒன்று 5,600 ரூபாய்; மாட்டும் செலவோடு மொத்தம் 24,000 ரூபாய். இதை 460ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வருகிறது. அதாவது 'ஆ' டயர் குறைந்தது 52,000 கிலோமீட்டர் ஓடினால்தான் 'அ' டயருக்குச் சமமாகும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம்.

வாடகைக் காருக்கு இது பதின்மூன்று மாத ஓட்டம்தான். அதே மாடல் வண்டியில் 'ஆ' டயரைப் பயன்படுத்தும் வேறொரு ஓட்டுநரின் அளவுகள் 60,000 கிலோமீட்டரைக் காட்டினால், செலவு ஆயிரத்துக்கு 400 ரூபாயாக இறங்குகிறது. வாடகைக் கார் ஓட்டுநர் தயங்காமல் 'ஆ' டயரை வாங்கலாம்.

வீட்டுக் காருக்கு நிலைமை தலைகீழ். மாதம் 500 கிலோமீட்டர் என்றால் ஆறு ஆண்டில் 36,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. இரண்டு டயர்களும் தேய்ந்து தீர்வதற்கு முன்பே வயதால் ஓய்வு பெறும். அப்போது 'அ' டயரின் செலவு ஆயிரத்துக்கு 511 ரூபாய். 'ஆ' டயரின் செலவு 667 ரூபாய். 'நெடுநாள் உழைக்கும்' என்பதற்காகக் கொடுத்த கூடுதல் பணம் இந்த வண்டியில் திரும்பவே திரும்பாது. ஈரச் சாலைப் பிடிமானத்துக்காகவோ சத்தக் குறைவுக்காகவோ அதிகம் கொடுக்கலாம். ஆயுளுக்காகக் கொடுப்பதில் பொருளில்லை.

எரிபொருளையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 67 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 6,700 ரூபாய். காற்று குறைந்த டயரால் அதில் இரண்டு சதவீதம் கூடினாலும் 134 ரூபாய் போகிறது. நாம் மெனக்கெட்டுக் கண்டுபிடித்த 60 ரூபாய் வித்தியாசத்தைப் போல அது இரு மடங்குக்கும் அதிகம். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்க்காதவருக்கு இந்த ஒப்பீடு எதையும் மிச்சப்படுத்தாது.

ஐந்தாம் படி: டயர் வாரண்டியின் உண்மையான மதிப்பு

டயருக்குத் தரப்படும் வழக்கமான வாரண்டி, உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஓட்டுப் பரப்பு அடிப்பகுதியிலிருந்து பிரிதல், உள் அடுக்குகள் விலகுதல் போன்றவை அதில் அடங்கும். பஞ்சர், வெட்டு, காற்றுக் குறைவு, அலைன்மென்ட் பிசகு ஆகியவற்றால் வந்த சேதங்கள் அடங்காது. பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சியால் உள்நூல் அறுந்து பக்கச்சுவர் புடைத்துக்கொள்வது நமது சாலைகளில் மிகவும் காணப்படும் சேதம். அது மோதலால் வந்தது என்று நிறுவனத்தின் பொறியாளர் முடிவு செய்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும்.

ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் புதிய டயர் முழுவதும் இலவசமாகக் கிடைப்பதில்லை. தேய்ந்த அளவுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். மேலே சொன்ன 'அ' டயர் 1.8 மில்லிமீட்டர் தேய்ந்த நிலையில் குறைபாடு காட்டினால், 6 மில்லிமீட்டரில் அது 30 சதவீதம்; 4,200 ரூபாயில் 1,260 ரூபாய் கட்டிப் புதிய டயரைப் பெறலாம். நிறைய தேய்ந்த டயருக்கு வாரண்டித் தேதி மீதமிருந்தாலும் கிடைப்பது சிறு தொகையே.

ஆகவே டயர் வாரண்டியின் ஆண்டுகளை ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை. செலவு சமமாக வரும் இரண்டு டயர்களில் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது மட்டும் அதைப் பார்க்கலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு: சில நிறுவனங்கள் குறிப்பிட்ட டயர்களுக்கு, வாங்கியவுடன் பதிவு செய்தால் வெட்டு, புடைப்பு போன்ற சாலைச் சேதங்களுக்கும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வாரண்டி தருகின்றன. கற்கள் நிறைந்த சாலையில் தினமும் போகிறவருக்கு அது உண்மையான பணம். பதிவு செய்ய வேண்டிய கெடு எப்போது, எத்தனை டயருக்குப் பொருந்தும், எவ்வளவு தேய்மானம் வரை செல்லும் என்பதை எழுத்தில் பார்த்த பிறகே அதை மதிப்பிடுங்கள்.

ஆறாம் படி: பேட்டரியின் ஆயுள்

ஈய அமில பேட்டரியின் முதல் எதிரி வெப்பம். வெப்பம் ஏற ஏற நேர்மின் தகட்டின் சட்டகம் விரைவாக அரிக்கப்படுகிறது, நீரும் விரைவாகக் குறைகிறது. 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்துறையில் பயன்படும் கணிப்பு விதி. எனவே குளிர்நாடுகளின் ஆயுள் எண்களை நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது எதிரி, ஓடாமல் நிற்பது. பூட்டி நிறுத்திய காரிலும் கடிகாரம், பூட்டு, அலாரம் ஆகியவை சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது 40 மில்லி ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு வாரத்தில் தன் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். சார்ஜ் குறைந்த நிலையிலேயே கிடக்கும் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் செய்தாலும் முழுக் கொள்ளளவு திரும்பாது. வீட்டுக் காரின் பேட்டரி குறைவாக உழைத்தும் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முந்தைய பேட்டரி அதே வண்டியில் எத்தனை மாதம் உழைத்தது என்பதே உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த சான்று. ஆனால் அது நியாயமாக இறந்ததா என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்து, வண்டி சில மணி நேரம் நின்ற பின் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். என்ஜின் ஓடும்போது டெர்மினலில் பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டரிலோ இணைப்பிலோ கோளாறு. எந்தப் புதிய பேட்டரியும் அங்கே தன் முழு ஆயுளை எட்டாது. மாறாக, முழுதாகச் சார்ஜ் ஏறியும் செல்ஃப் எடுக்கும் நேரத்தில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் முடிந்துவிட்டது. சிக்னலில் தானே அணைந்து எழும் வசதி கொண்ட காருக்கு அதற்கென்று செய்த பேட்டரியையே போட வேண்டும். சாதாரண பேட்டரி மலிவாகத் தோன்றினாலும் அந்த வேலையைத் தாங்காது.

ஏழாம் படி: பேட்டரி வாரண்டியை இரண்டாகப் பிரித்தல்

பேட்டரி அட்டையில் "60 மாதம்" என்று பெரிதாக இருப்பது பெரும்பாலும் 30 கூட்டல் 30. முதல் 30 மாதத்தில் கெட்டால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 30 மாதத்தில் கெட்டால் விகிதாசாரத் தள்ளுபடி மட்டுமே.

இந்தத் தள்ளுபடி பொதுவாக அச்சிட்ட அதிகபட்ச விலையில் கணக்கிடப்படுகிறது. கெட்டுப்போன பேட்டரியையும் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. 'ஈ' என்ற பேட்டரியின் அச்சிட்ட விலை 7,000 ரூபாய் என்றும், பழையதைக் கொடுத்தால் கடையில் 5,100 ரூபாய்க்கே கிடைக்கிறது என்றும் கொள்வோம். 42ஆம் மாதத்தில் அது கெட்டு, அட்டவணைப்படி 30 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் நீங்கள் கட்டுவது 4,900 ரூபாய். வாரண்டி இல்லாமல் பழையதைப் போட்டு வாங்கினால் 5,100 ரூபாய். இரண்டாம் முப்பது மாதத்தின் பயன் வெறும் 200 ரூபாய்! கடைசி மாதங்களில் தள்ளுபடி சதவீதம் இன்னும் குறைவதால், வாரண்டியைப் பயன்படுத்தாமல் பழைய பேட்டரியைக் கழித்து வாங்குவதே மலிவாக முடியலாம். கோரிக்கை வைக்கும் முன் இந்த இரண்டு தொகைகளையும் எழுதிப் பாருங்கள்.

எனவே பேட்டரிகளை ஒப்பிடும்போது இலவச மாதங்களை மட்டுமே எண்ணுங்கள். அதிலும் இரண்டு நிபந்தனைகளைக் கேட்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் மாற்றுப் பேட்டரிக்குப் பொதுவாகப் புதிய வாரண்டி தொடங்குவதில்லை. 28ஆம் மாதத்தில் மாற்றினால் இலவசக் காலம் இன்னும் இரண்டு மாதம்தான். வாடகை வண்டிக்கு வாரண்டிக் காலம் குறைவாக இருக்கக்கூடும்; சொந்த உபயோகம் என்று எழுதி வாங்கி மஞ்சள் பலகை வண்டியில் மாட்டினால் கோரிக்கை தள்ளுபடியாகும்.

எட்டாம் படி: பேட்டரியையும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொண்டுவருதல்

விலையை ஆயுள் மாதங்களால் வகுத்து, கிடைத்ததை மாத ஓட்டத்தால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்க வேண்டும்.

வீட்டுக் காரில் முன்பிருந்த 'இ' பேட்டரி 36 மாதம் உழைத்தது. இப்போதைய விலை 3,900 ரூபாய். வாரண்டி 18 கூட்டல் 18. மாதத்துக்கு 108 ரூபாய். 500 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கு 217 ரூபாய். 5,100 ரூபாய் 'ஈ' பேட்டரி இதற்குச் சமமாக வர 47 மாதம் உழைக்க வேண்டும். அதில் 30 மாதம் இலவச வாரண்டிக்குள் அடங்குகிறது. மீதி 17 மாதத்துக்குத்தான் நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள். 'இ' பேட்டரியில் அதே மூன்றாண்டு ஆயுளுக்கு உங்கள் பொறுப்பு 18 மாதம். செலவு ஏறத்தாழ ஒன்றாகவும் ஆபத்து குறைவாகவும் இருப்பதால், வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓடும் வண்டியாக இருந்தால் நான் 'ஈ' பேட்டரியைத் தேர்வேன். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு எதை வாங்கினாலும் சல்பேட் அதை முடித்துவிடும் என்பதால் மலிவானதும் ஒரு சிறு சார்ஜரும் போதும்.

வாடகைக் காரில் 'இ' பேட்டரி 24 மாதம்தான் வந்தது என்றாலும், மாதச் செலவு 163 ரூபாய், ஆயிரம் கிலோமீட்டருக்கு 41 ரூபாய் மட்டுமே. அங்கே டயர் 400 ரூபாய். டயரில் பத்து சதவீதம் மிச்சம் பிடிப்பது பேட்டரியை முழுதும் இலவசமாகப் பெறுவதற்குச் சமம். அந்த ஓட்டுநர் அலைன்மென்ட்டிலும் காற்றிலும்தான் கவனம் செலுத்த வேண்டும். பேட்டரியில் பார்க்க வேண்டியது நடுவழியில் நின்றால் இழக்கும் ஒரு நாள் வருமானத்தையே. வீட்டுக் காரிலோ டயர் 511, பேட்டரி 217. இங்கே பேட்டரி சிறு செலவு அல்ல.

ஒன்பதாம் படி: வாங்கும் இடத்தில்

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நான்கு டயரிலும் பாருங்கள். வயதால் ஓய்வு பெறப் போகும் வீட்டுக் காருக்கு, ஓராண்டு பழைய டயர் என்பது ஆறில் ஓர் ஆண்டை இழப்பதாகும். அந்த விகிதத்தில் விலை குறையாவிட்டால் மறுத்துவிடலாம். பேட்டரியை மாட்டும் முன் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள், 12.4க்குக் கீழே இருந்தால் கடையில் நெடுநாள் கிடந்தது என்று பொருள், வேறொன்றைக் கேளுங்கள்.

வாரண்டி அட்டையில் கடை முத்திரை, விற்ற தேதி, வண்டி எண், பேட்டரியின் வரிசை எண் ஆகிய நான்கும் இருக்கின்றனவா, வரிசை எண் பேட்டரியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அங்கேயே சரிபார்த்து, பில்லோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் எழுத்து மறையும் தாளில் பில் தந்தால் படம் மட்டுமே மிஞ்சும். பில்லின் மேல் அன்றைய ஓடோமீட்டர் அளவையும், புதிய டயரின் பள்ள ஆழத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை மூன்றாம் படியின் கணக்கைப் போட அந்த இரண்டு எண்களும் தேவைப்படும்.